மருத்துவர், வயதுவந்தோர், பெண்கள்: மூன்று வட்டங்களின் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று பேச நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வினா. திறனறிவுப் பகுதியில் அடிக்கடி வருவது. மூன்று பெயர்களைக் கொடுப்பார்கள்: மருத்துவர்கள், வயதுவந்தோர், பெண்கள். கீழே நான்கு படங்கள் இருக்கும். இந்த மூன்றுக்கும் உள்ள உறவைச் சரியாகக் காட்டும் வென்படம் எது என்று கேட்பார்கள். ஒன்றரை மதிப்பெண்ணோ இரண்டு மதிப்பெண்ணோ பெறும் வினா. பெரும்பாலானோர் அரை நிமிடத்தில் விடையைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். அந்த அரை நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதைத்தான் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

பயிற்சிக் கையேடுகள் இதற்கு ஒரு வழி சொல்கின்றன. படங்களின் வடிவத்தை மனப்பாடம் செய்துகொள். ஒன்றுக்குள் ஒன்றுக்குள் ஒன்று என்றால் இது, இரண்டு பிணைந்து ஒன்று தனித்து நின்றால் அது என்று பழகிக்கொள் என்கின்றன. இந்த வழியை நான் ஏற்பதில்லை. வடிவத்தைப் பார்த்துப் பழகியவர், கையேட்டில் இல்லாத மூன்று பெயர்கள் வந்ததும் நின்றுவிடுவார். படம் என்பது ஒரு வாக்கியம். அதில் உள்ள ஒவ்வொரு பகுதியும் ‘இங்கே ஆள் உண்டு’ என்று சொல்கிறது. அதில் வரையப்படாமல் விட்ட ஒவ்வொரு பகுதியும் ‘இப்படிப்பட்ட ஆள் கிடையாது’ என்று சொல்கிறது. அந்தப் பேச்சு உண்மையா என்று சோதிப்பதுதான் நம் வேலை.

முதலில் பகுதிகளை எண்ணிவிடுவோம். மூன்று வட்டங்களை ஒன்றையொன்று வெட்டும்படி வரைந்தால் வட்டங்களுக்குள் ஏழு பகுதிகள் கிடைக்கும். ஒன்றில் மட்டும் இருப்பவை மூன்று. இரண்டில் மட்டும் இருப்பவை மூன்று. மூன்றிலும் இருப்பது நடுவில் ஒன்று. வெளியே இருப்பதையும் சேர்த்தால் எட்டு. மூன்று பெயர்களுக்கு இடையே எந்த உறவு இருந்தாலும், அது இந்த ஏழு பகுதிகளில் எவற்றில் ஆள் உண்டு, எவற்றில் இல்லை என்பதைப் பொறுத்ததே.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். இரண்டிரண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இணைக்கும் மூன்று கேள்விகள். மருத்துவர், வயதுவந்தோர் என்ற இணையை எடுத்தால், ஒவ்வொரு மருத்துவரும் வயதுவந்தவர்தானா? வயதுவந்த ஒவ்வொருவரும் மருத்துவர்தானா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் மட்டும் மூன்றாவது: இரண்டுமாக இருக்கும் ஒருவராவது உண்டா? முதல் இரண்டில் ஒன்று ‘ஆம்’ என்றால் ஒரு வட்டம் இன்னொன்றின் உள்ளே போகும். மூன்றாவது ‘ஆம்’ என்றால் வட்டங்கள் வெட்டிக்கொள்ளும். எல்லாமே ‘இல்லை’ என்றால் அவை வெட்டாக் கணங்கள். வட்டங்கள் தனித்தனியே நிற்கும்.

ஒவ்வொரு மருத்துவரும் வயதுவந்தவர்தானா? ஆம். ஆனால் அது ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும். நம் நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்வதற்கே அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். படிப்பு நான்கரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓர் ஆண்டு. அதை முடித்துப் பதிவு பெறும்போது 22 வயதை ஒட்டி வந்துவிடும். 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவருகைச் சட்டப்படி 18 நிறைந்தவர் வயதுவந்தவர். ஆகவே ‘வயதுவராத மருத்துவர்’ என்ற பகுதி ஏதோ இன்றைக்குத் தற்செயலாகக் காலியாக இருக்கவில்லை. விதியே அதைக் காலியாக்கி வைத்திருக்கிறது. மருத்துவர் வட்டம் முழுவதும் வயதுவந்தோர் வட்டத்துக்குள் போகிறது. வயதுவந்த எல்லாரும் மருத்துவர் இல்லை என்பதற்கு இந்த அரங்கமே சாட்சி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பகுதியில் ஆள் உண்டு என்று காட்ட ஒரே ஓர் ஆள் போதும். ஒரு பகுதியில் ஆள் இல்லை என்று காட்ட ஆள் தேடிக் களைத்துப்போனது போதாது, காரணம் வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘பேருந்து ஓட்டுநர்கள், பெண்கள்’ என்று கொடுத்தால் தாங்கள் பார்த்த ஓட்டுநர்களை மட்டும் நினைத்துக்கொண்டு இரண்டு வட்டங்களையும் பிரித்து வைப்பவர்கள் உண்டு. 1993இலேயே வசந்தகுமாரி தமிழ்நாட்டில் அரசுப் பேருந்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். அந்த ஒருவர் போதும். வட்டங்கள் வெட்டியே தீர வேண்டும். நான் பார்த்ததில்லை என்பது காரணம் ஆகாது.

அடுத்த இணை மருத்துவர், பெண்கள். எல்லா மருத்துவரும் பெண்ணல்லர். எல்லாப் பெண்ணும் மருத்துவரல்லர். இரண்டுமாக இருப்பவர் உண்டு. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியை நடுப் பகுதியில் நிறுத்தலாம். வட்டங்கள் வெட்டிக்கொள்கின்றன. இதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை.

மூன்றாவது இணை வயதுவந்தோர், பெண்கள். சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பயிற்சி வகுப்பில் நான் கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டு ‘வயதுவந்தோர்’ என்று எழுதி, அதற்குள்ளே ஒன்றையொன்று வெட்டும் இரண்டு சிறு வட்டங்களை வரைந்து மருத்துவர், பெண்கள் என்று எழுதினேன். பின் வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தார். “சார், எங்க அக்கா பொண்ணு ஆறாவது படிக்குது. அவளை எங்க வைக்கிறது?” என்று கேட்டார். வகுப்பு அமைதியாகிவிட்டது. மிகச் சரியான கேள்வி. நான் வரைந்திருந்த படத்தில் அந்தச் சிறுமிக்கு இடம் ‘வெளியே’தான். அவள் பெண் என்றால் பெண்கள் வட்டம் பெரிய வட்டத்தைத் தாண்டி வெளியே நீள வேண்டும்.

நான்கு விடைப்படங்களையும் இப்போது எடுத்துக்கொள்வோம். (அ) ஒன்றுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். (ஆ) பெரிய வட்டத்துக்குள், ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்கள். (இ) பெரிய வட்டத்துக்குள் ஒரு சிறு வட்டம். மூன்றாவது வட்டம் இரண்டையும் வெட்டிக்கொண்டு வெளியேயும் நீள்கிறது. (ஈ) மூன்றும் ஒன்றையொன்று வெட்டி ஏழு பகுதிகளும் உள்ள படம்.

(ஈ) என்ன சொல்கிறது? மருத்துவர் வட்டத்தின் ஒரு துண்டு வயதுவந்தோர் வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அங்கே நிறுத்த ஒரு வயதுவராத மருத்துவர் வேண்டும். விதிப்படி இல்லை. அந்தப் படம் போயிற்று. (அ) என்ன சொல்கிறது? மருத்துவர் பெண்களுக்குள் இருந்தால் ஆண் மருத்துவர் ஒருவரும் இல்லை என்றாகும். பெண்கள் மருத்துவருக்குள் இருந்தால் எல்லாப் பெண்ணும் மருத்துவர் என்றாகும். எப்படி அடுக்கினாலும் பொய். அதுவும் போயிற்று.

மிஞ்சுவது (ஆ), (இ) இரண்டும். இவற்றைப் பகுதி பகுதியாக ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் பெண் மருத்துவர் உண்டு, ஆண் மருத்துவர் உண்டு, மருத்துவரல்லாத வயதுவந்த பெண் உண்டு, மருத்துவரல்லாத வயதுவந்த ஆண் உண்டு. (இ)யில் மட்டும் ஐந்தாவதாக ஒரு பகுதி இருக்கிறது: பெண், ஆனால் வயதுவராதவர். அந்த மாணவியின் அக்கா மகள் நிற்கும் இடம் அதுதான். இரண்டு படங்களுக்கும் வேறுபாடு அந்த ஒரே பகுதி. அவளைப் ‘பெண்கள்’ என்ற கணத்தில் சேர்ப்போமா மாட்டோமா என்பதை முடிவு செய்துவிட்டால் விடை தானாக வந்துவிடும்.

இதை வட்டங்களால் முடிவு செய்ய முடியாது. கணத்தின் வரையறைதான் முடிவு செய்ய வேண்டும். பேச்சு வழக்கில் ‘பெண்கள் கூட்டம்’ என்றால் வளர்ந்தவர்களை நினைக்கிறோம். ‘பெண் குழந்தை’ என்றும் சொல்கிறோம். சட்டம் தெளிவாகப் பேசுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் தன் 10ஆம் பிரிவில், எந்த வயதினராயினும் பெண்பாலினரைப் ‘பெண்’ என்றே வரையறுத்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே வரையறையை வைத்திருக்கிறது. சட்டத்தின்படி போனால் (இ). ஆங்கிலத்தில் ‘விமன்’ என்பதற்குப் பொதுவாக வழங்கும் பொருள்படி போனால் (ஆ).

தேர்வறையில் என்ன செய்வது? நான்கு படங்களில் (ஆ), (இ) இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் சங்கடமே இல்லை, இருப்பதைக் குறிக்கலாம். இரண்டும் இருந்தால், இருமொழி வினாத்தாள்களில் ஐயம் எழும்போது ஆங்கில வடிவமே இறுதியானது என்ற வழக்கமான விதியை நினைவில் வைத்து (ஆ)வைக் குறிக்கச் சொல்வேன். ஆனால் இப்படி ஊகிக்க வைக்கும் வினா நல்ல வினா அல்ல. இதை மீண்டும் தொடுகிறேன்.

அதற்கு முன் இந்தப் படங்களின் பிறப்பைச் சிறிது சொல்ல வேண்டும். அது வெறும் வரலாறு அல்ல, நம் வினாவோடு ஒட்டியது. நாம் தேர்வில் ‘வென்படம்’ என்று சொல்லிக் குறிக்கும் படங்களில் பல உண்மையில் வென் வரைந்த முறையில் அமைந்தவை அல்ல. ஆய்லர் முறையில் அமைந்தவை. லியோனார்டு ஆய்லர் ஜெர்மானிய இளவரசி ஒருவருக்கு எழுதிய கடிதங்களில், 1761இல், தருக்க வாக்கியங்களை வட்டங்களால் விளக்கினார். உள்ளே இருந்தால் ‘எல்லாம்’, வெளியே இருந்தால் ‘எதுவுமில்லை’, வெட்டினால் ‘சில’. உறவு மாறினால் படத்தின் வடிவமும் மாறும். கேம்பிரிட்ஜில் தருக்கம் கற்பித்த ஜான் வென் 1880இல் வெளியிட்ட கட்டுரையில் இதில் ஒரு குறையைக் காட்டினார். ஆய்லர் முறையில் படம் வரைவதற்கு முன்பே முழு உறவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதி தெரிந்தால் எந்த வடிவத்தை வரைவது? வென் ஏழு பகுதிகளும் உள்ள ஒரே படத்தை முதலில் வரைந்துவிட்டார். எது காலி என்று தெரிகிறதோ அந்தப் பகுதியை மட்டும் நிழலிட்டார். தெரியாததைத் தொடாமல் விட்டார்.

இந்த வேறுபாட்டை ஓர் உண்மை நிகழ்ச்சியில் பார்க்கலாம். ‘சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்கள், பெண்கள்’ என்ற இரண்டு கணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1875இல்தான் அக்கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1874இல் ஆய்லர் முறையில் வரைந்திருந்தால் இரண்டு வட்டங்களும் தனித்தனியே நின்றிருக்கும். மறு ஆண்டு அந்தப் படத்தையே கிழித்துவிட்டு வெட்டும் வட்டங்களாகப் புதிதாக வரைய வேண்டியிருந்திருக்கும். வென் முறையில் வரைந்திருந்தால் வட்டங்கள் அப்படியே இருக்க, நடுவில் இருந்த நிழலை மட்டும் அழித்திருப்போம். விதியால் காலியான இடத்துக்கும், அன்றைய நிலையால் காலியான இடத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் கண்ணுக்குத் தெரிகிறது. தேர்வு வினாவில் கேட்கப்படுவது இன்றைய நிலை. அதனால்தான் ஆள் தேடும்போது இன்றைய உலகில் தேட வேண்டும்.

ஆகவே என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விடைப்படங்கள் ஆய்லர் முறையில் இருந்தாலும், தாளின் ஓரத்தில் வென் படத்தை வரைந்துகொள்ளுங்கள். காலிப் பகுதிகளை நிழலிடுங்கள். மிஞ்சிய பகுதிகளை எண்ணுங்கள். எந்த விடைப்படத்தில் அதே பகுதிகள், அதே எண்ணிக்கையில் இருக்கின்றனவோ அதுவே விடை. நம் எடுத்துக்காட்டில் பெண்கள் என்றால் வயதுவந்த பெண்கள் என்று கொண்டால் மூன்று பகுதிகள் நிழலாகி நான்கு மிஞ்சும். எல்லா வயதினரும் என்று கொண்டால் இரண்டு நிழலாகி ஐந்து மிஞ்சும். வட்டம் பெரிதா சிறிதா என்பதைப் பார்க்கவே வேண்டாம். வட்டத்தின் அளவு ஆட்களின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை.

இணைகளைச் சோதித்தாலே போதாதா, ஏழு பகுதிகளையும் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். போதாது. 1 முதல் 29 வரை உள்ள எண்களில் 2இன் மடங்குகள், 3இன் மடங்குகள், 5இன் மடங்குகள் என்று மூன்று கணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்கும் பொதுவாக 6 இருக்கிறது. 2க்கும் 5க்கும் பொதுவாக 10. 3க்கும் 5க்கும் பொதுவாக 15. மூன்று இணைகளும் வெட்டுகின்றன. உடனே கை (ஈ) போன்ற படத்துக்குப் போகும். ஆனால் நடுப் பகுதி காலி. மூன்றாலும் வகுபடும் முதல் எண் 30. எல்லையை 29இலிருந்து 30க்கு ஒரே ஓர் எண் நகர்த்தினால் நடுப் பகுதி நிரம்பிவிடும். இணைகள் மூன்றும் முன்போலவே வெட்டிக்கொண்டிருக்க, படம் மட்டும் மாறிவிடுகிறது. ஆகவே நடுப் பகுதிக்கென்று தனியாக ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு வகை வினாவைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ‘மாவட்டம், மாநிலம், நாடு’ என்று கொடுத்து, ஒன்றுக்குள் ஒன்றான மூன்று வட்டங்களை விடையாக வைப்பார்கள். ‘நொடி, நிமிடம், மணி’ என்றும் வரும். நம் முதல் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு மாவட்டமும் ஒரு மாநிலம்தானா? இல்லை. மாவட்டமாகவும் மாநிலமாகவும் ஒன்று இருக்கிறதா? இல்லை. கணங்களாகப் பார்த்தால் இவை மூன்றும் வெட்டாக் கணங்கள், தனித்தனி வட்டங்கள். மாவட்டம் மாநிலத்தின் பகுதி என்பது உண்மைதான். ஆனால் பகுதியாக இருப்பது வேறு, வகையாக இருப்பது வேறு. கை உடம்பின் பகுதி. கை ஓர் உடம்பு ஆகாது. மருத்துவர் வயதுவந்தவரின் பகுதி அல்லர். அவரே ஒரு வயதுவந்தவர். இந்த இரண்டு உறவுகளையும் ஒரே படத்தால் காட்டுவது பிழை. அதையே ‘மதுரையில் வாழ்வோர், தமிழ்நாட்டில் வாழ்வோர், இந்தியாவில் வாழ்வோர்’ என்று மாற்றிக் கேட்டால் வினா நேராகிவிடும்: மதுரையில் வாழும் ஒவ்வொருவரும் தமிழ்நாட்டில் வாழ்பவர்தான். தேர்வு எழுதுபவர் பழைய விடைக்குறிப்பை ஒட்டி அடுக்கு வட்டத்தையே குறித்துவிட்டு வரலாம், மதிப்பெண் முக்கியம். வினா அமைப்பவர் அப்படி விட்டுவிடக் கூடாது.

பள்ளிக் கணிதத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். வகுப்பில் இதை நான் விரும்பிக் கொடுப்பதுண்டு. சமபக்க முக்கோணம், இருசமபக்க முக்கோணம், குறுங்கோண முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகை. ஆகவே அது குறுங்கோண முக்கோணமும் ஆகும், இருசமபக்க முக்கோணமும் ஆகும். மற்ற இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். 45, 45, 90 பாகை முக்கோணம் இருசமபக்கம், ஆனால் குறுங்கோணம் அல்ல. 50, 60, 70 பாகை முக்கோணம் குறுங்கோணம், ஆனால் இருசமபக்கம் அல்ல. இரண்டு பெரிய வட்டங்கள் வெட்டும் நடு இடத்துக்குள் மூன்றாவது வட்டம் முழுதாக அடங்குகிறது. அந்த நடு இடத்திலும் சமபக்கம் அல்லாத ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: 70, 70, 40 பாகை முக்கோணம் இருக்கிறது. ஆகவே சிறு வட்டம் நடு இடத்தை நிரப்பிவிடாமல் உள்ளே தனியாக நிற்கும். இருசமபக்கம் என்றால் இரண்டு பக்கங்கள் மட்டுமே சமம் என்று யாராவது வரையறுத்தால் இந்தப் படமும் மாறிவிடும். அக்கா மகளின் கதைதான் இதுவும்.

வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வகை வினாவை எழுதி முடித்ததும் ஏழு பகுதிகளுக்கும் பக்கத்தில் ஆளின் பெயரையோ, ஆள் இல்லாததற்கான காரணத்தையோ எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒரு பகுதிக்கு எதையும் எழுத முடியாமல் பேனா நின்றால், அந்த வினாவைத் திருத்தும்வரை தாளில் சேர்க்காதீர்கள். மருத்துவர், வயதுவந்தோர், பெண்கள் என்ற வினாவுக்கு வேண்டிய திருத்தம் மிகச் சிறியது: ‘பெண்கள்’ என்பதற்குப் பதில் ‘வயதுவந்த பெண்கள்’ என்றோ ‘எல்லா வயதுப் பெண்பாலினர்’ என்றோ அச்சிடுங்கள்.